கிளிப் போட்ட பிறகு வரும் மூன்று நாள்

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிவந்த 60 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயிற்றுவலி என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்த வகை மாத்திரையால் வரும் புண் பல நேரம் வலிக்காது. ஒரு நாள் மலம் தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இரைப்பையில் கசிந்த இரத்தம் குடல் வழியாக வரும்போதுதான் இப்படிக் கறுக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்த நாற்றமும் பிசுபிசுப்பும் அதில் இராது.

மருத்துவமனையில் உடனே குழாயை விட்டுவிட மாட்டார்கள். முதலில் நரம்பில் திரவம் ஏற்றி, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நிலைப்படுத்துவார்கள். இரத்தம் ஏற்றுவதில் மட்டும் ஒரு சிக்கனம் உண்டு. இதயநோய் இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். "இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்தலாமே டாக்டர்" என்று வீட்டார் கேட்பது இயல்பு. ஆனால் தாராளமாக ஏற்றியவர்களுக்கே மறுபடியும் இரத்தக்கசிவு அதிகம் என்று 2013-இல் வெளிவந்த பார்சிலோனா ஆய்வு காட்டியது.

எண்டோஸ்கோபியை 24 மணி நேரத்துக்குள் செய்வார்கள். மருத்துவர் தேடுவது புண்ணை மட்டுமல்ல, புண்ணின் அடித்தளம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். அடித்தளம் வெளுத்துச் சுத்தமாக இருந்தால் மாத்திரை போதும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரத்தம் பீச்சினாலோ கசிந்தாலோ, கசிவு நின்றும் இரத்தக்குழாயின் முனை மட்டும் துருத்திக்கொண்டிருந்தாலோ அப்போதே அடைத்தாக வேண்டும்.

நம்மவருக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண், அதன் நடுவிலிருந்து கசிவு. குழாய்க்குள் நீளமான ஊசியைச் செலுத்தி, 10,000 மடங்கு நீர்த்த அட்ரினலினைப் புண்ணைச் சுற்றி நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். சதை உப்பி இரத்தக்குழாயை அழுத்துகிறது, குழாயும் சுருங்குகிறது. சற்று நேரத்தில் கசிவு மட்டுப்பட்டு, இடம் தெளிவாகத் தெரிகிறது. ஊசியோடு நிறுத்தினால் அதன் வேகம் தணிந்ததும் இரத்தம் திரும்பலாம் என்பதால், ஊசியை மட்டும் நம்புவதில்லை. அடுத்து கிளிப். இரண்டு கால் விரிந்த சிறு உலோகக் கவ்வி அது. இரத்தக்குழாயைப் பக்கத்துச் சதையோடு சேர்த்துக் கவ்வி மூடியதும், பிடித்திருந்த கம்பி கழன்றுவிடும். நாள்பட்டுத் தழும்பேறி இறுகிய புண்ணில் கிளிப் சரியாகக் கவ்வாது. அங்கே சூடு வைத்து அடைப்பார்கள்.

வீட்டார் இதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். மருத்துவருக்கோ அடுத்த 72 மணி நேரம்தான் கவலை. மறுகசிவு பெரும்பாலும் அதற்குள்தான் வரும். அமிலத்தில் இரத்தக்கட்டி நிலைக்காது, கரைந்துவிடும். அதனால் பேன்டோபிரசோல் போன்ற அமிலத்தடுப்பு மருந்தை 80 மில்லிகிராம் ஒரேயடியாகக் கொடுத்து, பிறகு மணிக்கு 8 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் நரம்பில் ஏற்றுவது வழக்கம். சில இடங்களில் அதையே வேளைக்கு ஓர் ஊசியாகப் பிரித்துப் போடுவதும் உண்டு.

இரண்டாம் நாள் காலை அவருக்கு மறுபடி கறுப்பாகப் போகிறது, மனைவி பதறுகிறார். நாடி 84, அழுத்தம் மாறவில்லை, ஹீமோகுளோபின் நேற்று 8.3, இன்று 8.1. இது குடலில் தங்கியிருந்த பழைய இரத்தம். நாடி 120-க்கு ஏறி, புது இரத்தம் வாந்தியாக வந்து, ஹீமோகுளோபினும் 2 கிராம் சரிந்திருந்தால் கதை வேறு. அப்போது இன்னொரு முறை எண்டோஸ்கோபி செய்வார்கள், பெரும்பாலோருக்கு அதிலேயே நின்றுவிடும். அதற்கும் நிற்காதவருக்கு, தொடை வழியாகக் குழாய் விட்டு அந்த இரத்தக்குழாயை அடைப்பது அல்லது அறுவைச் சிகிச்சை.

கிளிப்பை எடுக்க யாரும் வர வேண்டாம். சில வாரங்களில் தானே கழன்று மலத்தோடு போய்விடும். அதற்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கிளிப் போட்டிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். ஹெலிகோபாக்டர் கிருமிக்கான சோதனை இரத்தக்கசிவு நேரத்தில் இல்லை என்று காட்டினால் அதை அப்படியே நம்பாமல் பிறகு மறுபடியும் செய்கிறார்கள். இரைப்பைப் புண் என்பதால் சுமார் 8 வாரம் கழித்து மீண்டும் எண்டோஸ்கோபி செய்து, ஆறியிருக்கிறதா, புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வீட்டில் பெரும்பாலும் குழப்பம் வருவது ஆஸ்பிரினில்தான். மாரடைப்பு வந்தவர் பயந்துபோய் அதைத் தாமாக நிறுத்திவிடுகிறார். நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. இரத்தக்கசிவு அடங்கியதும், பெரும்பாலும் மூன்று நாளுக்குள், மருத்துவரே அதைத் திரும்பத் தொடங்குவார், கூடவே அமிலத்தடுப்பு மாத்திரையும் தருவார். முழங்காலுக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை மட்டும் அவர் மறுபடி தொடக்கூடாது. வலி வந்தால் பாராசிட்டமால்.