முட்டைக்கு நிழல் போடும் புள்ளிகள்

ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புப் பேனா. கோடு இழுக்கக் கூடாது, விரலால் தேய்க்கக் கூடாது, புள்ளி மட்டும்தான் வைக்கலாம். பேனாவில் சாம்பல் நிற மை துளிகூட இல்லை. ஆனாலும் முடிந்த படத்தில் இளஞ்சாம்பல், அடர்சாம்பல் எல்லாம் தெரிகின்றன. இது எப்படி?

நம் கண்ணின் கூர்மைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி வைத்த புள்ளிகளை மூன்றரை மீட்டருக்கு அப்பால் நின்று பார்த்தால், நல்ல பார்வை உள்ளவருக்குக்கூட அவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினம். மையின் கறுப்பும் தாளின் வெள்ளையும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும். தாளில் எத்தனை பங்கை மை மூடுகிறதோ, அதற்கேற்ற சாம்பல்.

ஒரு சென்டிமீட்டர் சதுரம் போட்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். பேனா முனை அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்தால் சதுரத்துக்குள் 25 புள்ளிகள். மை மூடும் இடம் 5 சதவீதம். இடைவெளியை 1 மி.மீ. ஆக்கினால் 100 புள்ளிகள், 20 சதவீதம். பாதியாகக் குறைத்தது இடைவெளியை மட்டும்தான், கருமையோ நான்கு மடங்காகிவிட்டது! நீளவாக்கிலும் இரண்டு மடங்கு, அகலவாக்கிலும் இரண்டு மடங்கு புள்ளிகள் வந்துவிட்டன அல்லவா? “கொஞ்சம் கறுப்பாக்கலாம்” என்று கை நெருங்கும்போது படம் சட்டென்று இருண்டுபோவது இதனால்தான். கருமையை இரண்டு மடங்காக்க மட்டும் நினைத்தால், 1 மி.மீ. இடைவெளியை 0.7 மி.மீ. ஆக்கினாலே போதும்.

புள்ளியின் அளவுக்கும் இதே கணக்குதான். குறுக்களவு பாதியானால் மை கால்வாசியாகிவிடும். அதனால் அதே 5 சதவீதச் சாம்பலை 25 பெரிய புள்ளிகளாலும் கொண்டுவரலாம், 100 சிறிய புள்ளிகளாலும் கொண்டுவரலாம். பெரிய புள்ளி சொரசொரப்பாகத் தெரியும், சிறியது வழவழப்பாகத் தெரியும். பாறைக்கு முதலாவது, முட்டைக்கு இரண்டாவது.

முட்டையையே வரைவோம். ஜன்னலோரம் வெள்ளைத் தாள் மேல் அதை வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வர வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் மங்கி, நான்கைந்து சாம்பல் பரப்புகள் மட்டும் மிஞ்சும். அவற்றின் எல்லைகளைப் பென்சிலால் லேசாக வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். முட்டையின் மிக இருண்ட இடம் அதன் ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மேசைத் தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அடி ஓரத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. அந்த மெல்லிய வெளுப்பை விட்டுவைத்தால்தான் முட்டை உருண்டையாகத் தெரியும். வெளிச்சம் படும் பக்கத்தில் முட்டைக்குள் ஒரு புள்ளிகூட வேண்டாம். பின்னணியில் இளம் புள்ளிகள் தூவினால் ஓரம் தானே துலங்கும். கோடு போட்டு விளிம்பு காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

புள்ளி வைக்கும்போது பேனாவை நிமிர்த்திப் பிடியுங்கள். சாய்த்துத் தட்டினால் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். நிழல் பகுதி முழுவதும் முதலில் இளஞ்சாம்பலுக்கு வேண்டியபடி தூவிவிட்டு, இருண்ட இடத்தில் மட்டும் இடையிடையே சேர்த்துக்கொண்டே போங்கள். வரிசையாக வைக்காதீர்கள், கண்ணுக்கு வரிசைதான் முதலில் படும். கண்டபடி இறைத்தாலும் சில இடங்களில் திட்டுத் திட்டாகிவிடும். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பது நல்லது. 2002இல் ஏட்ரியன் செக்கார்ட் என்ற ஆய்வாளர் இதையே கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். தாளை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீட்டுமனைபோலப் பிரித்து, மனைக்குள் எந்தப் பக்கம் இருட்டு அதிகமோ அந்தப் பக்கம் புள்ளி நகரும்படி செய்தார். பிறகு மனைகளை மறுபடி பிரிப்பது, மறுபடி நகர்த்துவது. பல சுற்று போனதும் புள்ளிகள் சீராக அமர்ந்துவிடும்.

நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவும். 0.5 மி.மீ. புள்ளி 0.7 மி.மீ. ஆனால், மை மூடும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆகவே எந்தத் தாளில் வரையப்போகிறீர்களோ, அதன் ஓரத்தில் சோதனைச் சதுரங்களை முதலில் போட்டுப் பாருங்கள்.

எங்காவது புள்ளி கூடிப்போனால் அழிக்க முடியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள நிழலையும் பின்னணியையும் கொஞ்சம் கறுப்பாக்கினால், அந்த இடம் மறுபடி வெளிறித் தெரியும்.