வடலி வளர்ப்பவர் கணக்கு

(அல்லைப்பிட்டியில் எழுத்து, ஓவியம், குறும்படம் ஆகியவற்றில் ஈடுபட்டுள்ள இளம் படைப்பாளர் சிலர் கூடும் சிறு ஒன்றுகூடலுக்கென ஆயத்தஞ் செய்யப்பட்ட உரை)



வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்க முடியுமா என்றொரு பழமொழி நம் தீவுப் பகுதியில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பயன்தர நீண்ட காலம் செல்லும் ஒரு காரியத்தில் இறங்குவோரை எள்ளி நகையாடவே பெரும்பாலும் இதனைச் சொல்வார்கள். நீங்கள் ஒவ்வொருவரும் இதனை உங்கள் வீட்டிலேயே ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கதை எழுதி என்ன கண்டாய், படம் பிடித்து என்ன கண்டாய் என்னும் கேள்வியும் இதன் வேறொரு வடிவமே.

இக்கேள்விக்கு ஆறுதல் மொழி விடையாகாது, கணக்கே விடையாகும். ஆகவே, பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் நாம் அடையும் யாழ்ப்பாண நகரில், ஒரு சிறு கடையிலிருந்து புறப்பட்டு நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சஞ்சிகையின் கதையை எடுத்துக்கொண்டு, அது தன் மெலிந்த தொடக்க ஆண்டுகளை எவ்வாறு கடந்தது என்பதை ஆராய்வோம். அச்சஞ்சிகை ‘மல்லிகை’. அதனை நடத்தியவர் டொமினிக் ஜீவா.

கடையில் பிறந்த சஞ்சிகை

ஜீவா 1927ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். சாதிக் கொடுமையினால் இளமையிலேயே பள்ளிப் படிப்பை இழந்தவர். கஸ்தூரியார் வீதியில் இருந்த சிகையலங்கரிப்பு நிலையத்தில் தொழில் செய்துகொண்டே படித்தார், எழுதினார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. அதன் பின்னர், 1966 ஆகஸ்ட் மாதத்தில் மல்லிகையின் முதலாவது இதழ் வெளிவந்தது.

அக்காலம் சிறு சஞ்சிகைகளுக்கு வாய்ப்பான காலமன்று. வரதரும் அவர் நண்பர்களும் நடத்திய ‘மறுமலர்ச்சி’ 1946இல் தோன்றி 1948இல் நின்றுபோயிற்று. சிற்பி சரவணபவன் நடத்திய ‘கலைச்செல்வி’ 1958 முதல் எட்டு ஆண்டுகள் வெளிவந்து, மல்லிகை பிறந்த அதே 1966இல் நின்றது. இவற்றை நடத்தியவர்கள் திறமையற்றவர்கள் என்றோ, நல்ல எழுத்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றோ எவரும் சொல்ல முடியாது. அப்படியாயின் நல்ல சஞ்சிகைகளும் ஏன் நின்றுபோகின்றன?

மூன்றாம் இதழின் நோய்

சிறு சஞ்சிகைகள் பெரும்பாலும் வாசகர் இன்மையால் இறப்பதில்லை. கைப்பணம் திரும்பிவரத் தாமதிப்பதால் இறக்கின்றன. இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். எண்கள் விளங்குவதற்காகக் கூறப்படுபவை.

ஒருவர் 300 படிகள் அச்சிடுகிறார். படியொன்றுக்குச் செலவு 100 ரூபா. ஆக 30,000 ரூபா. விலை 150 ரூபா. தாமே நேரிற் சென்று 100 படிகளை விற்று 15,000 ரூபா பெறுகிறார். மீதி 200 படிகளைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கடைக்காரர் நூற்றுக்கு இருபத்தைந்து கழிவு எடுத்துக்கொள்வார். விற்றதற்கு மட்டுமே, அதுவும் மூன்று மாதங் கழித்தே, பணம் தருவார். விற்காததைத் திருப்பித் தருவார். இதற்குள் இரண்டாம் இதழ் வந்துவிடுகின்றது. அதற்கு வேண்டியது 30,000. கையில் இருப்பது 15,000. மீதிக்குக் கடன். மூன்றாம் இதழுக்கு மீண்டும் 15,000 கடன். நான்காம் இதழுக்கு முன் முதலிதழின் கடைப்பணம் வந்து சேர்கின்றது. பாதிப் படிகள் விற்றிருந்தாலும் அது 11,250 ரூபாதான். அச்சகத்தாருக்கோ 30,000 ரூபா பாக்கி! நூறு பேர் கைப்பணம் கொடுத்து வாங்கிய ஒரு சஞ்சிகை, வாசகர் இருந்தும், இங்கே மூச்சடைத்து விழுகின்றது.

இப்பொழுது அதே மனிதர் 120 படிகள் மட்டும் அச்சிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகை குறைந்ததால் படியொன்றின் செலவு 115 ரூபாவாக ஏறும், மொத்தம் 13,800. அதே நூறு பேருக்கு நேரில் விற்றால் 15,000 வரும். எழுதியவர்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் 20 படிகள் கொடுத்த பின்னும் 1,200 ரூபா மிஞ்சும். வாசகர் தொகை மாறவில்லை. எழுத்தின் தரமும் மாறவில்லை. ஒன்று நான்காம் இதழில் நிற்கின்றது, மற்றொன்று நடக்கின்றது.

ஜீவா கையாண்ட வழி இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. அவர் மல்லிகையைத் தாமே சுமந்து விற்றார். யாழ்ப்பாணத்து வீதிகளில் நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் சென்றார். இலக்கியக் கூட்டம் நடக்கும் இடங்களுக்கு இதழ்க்கட்டோடு போனார். பிற்காலத்தில் கொழும்பிலும் தோளில் ஒரு பையோடு அவர் நடந்து திரிந்த காட்சி பலரும் அறிந்ததே. இதனைச் சிலர் பரிதாபமாகவும், சிலர் தியாகமாகவும் பேசினார்கள். ஆனால் அதனுள்ளே ஒரு நல்ல தொழில் நுட்பம் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கையால் விற்ற இதழின் பணம் அன்றைக்கே கைக்கு வரும். வாங்கியவர் சென்ற இதழைப் பற்றிச் சொல்லும் குறையும் நிறையும் அதே இடத்திற் காதில் விழும். புதிதாக எழுதும் ஒருவரை அவ்வழியிலேயே சந்திக்கவும் முடியும். விற்பனை, விமர்சனம், கட்டுரை சேகரித்தல் ஆகிய மூன்றும் ஒரே நடையில் முடிந்தன.

இன்னொன்றும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அவருக்குக் கைத்தொழில் இருந்தது. சஞ்சிகை தன்னைத் தான் காப்பாற்றிக்கொண்டாற் போதும். ஆசிரியர் வீட்டு உலையையும் அதுவே ஏற்ற வேண்டும் என்ற பாரம் அதன்மேல் ஏற்றப்படவில்லை. பிறந்து ஒரு வயதான கன்றை ஏரில் பூட்டுவோர் உண்டோ?

ஒழுங்கு என்பது யாது?

ஒழுங்காகச் செய்தல் என்றவுடன், ஒருநாளும் தவறாது செய்தல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மல்லிகையின் கணக்கு வேறொன்று சொல்கின்றது. அது 1966 முதல் 2012 வரை வெளிவந்தது. மாதங்களாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 550. ஆனால் வெளிவந்த இதழ்களோ 400 அளவில்தான். அதாவது, மாத சஞ்சிகையாகிய மல்லிகைக்குத் தனியிதழ் இல்லாமலே கழிந்த மாதங்கள் 150 அளவில் உண்டு! ஆயினும் அதனை ஒழுங்கற்ற சஞ்சிகை என்று எவரும் நினைவு கூர்வதில்லை. ஏனெனில், தவறிய இதழுக்குப் பின் அடுத்த இதழ் வந்தது.

தவறியதற்குக் காரணங்கள் இருந்தன. அக்காலத்து அச்சு வேலையை இன்றைய மாணவர் அறிந்திரார். அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாகக் கோக்க வேண்டும். சிறிய அச்சகத்தில் முழு இதழுக்கும் போதிய எழுத்து இராது. சில பக்கங்களைக் கோத்து, ஒப்புநோக்கி, அச்சடித்து, எழுத்துக்களைப் பிரித்து மீண்டும் பெட்டியிற் போட்ட பின்னரே அடுத்த பக்கங்களைத் தொடங்கலாம். ஒருவர் கட்டுரையை ஒரு கிழமை பிந்திக் கொடுத்தால் எல்லாமே ஒரு கிழமை பிந்தும். பின்னர் யுத்தம் வந்தது. பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் அச்சுத்தாள் அரிதாயிற்று. மாணவரின் கோடிட்ட கொப்பித் தாளிலும் மல்லிகை அச்சாகியது. 1990களின் பிற்பகுதியில் அது கொழும்புக்குப் பெயர்ந்து, சிறீ கதிரேசன் வீதியிலிருந்து தொடர்ந்து வந்தது.

தாள் மாறியது; ஊர் மாறியது. மாறாதிருந்தவை சில. அட்டையில் ஒரு படைப்பாளரின் அல்லது கலைஞரின் உருவத்தை இட்டு, உள்ளே அவரைப் பற்றி எழுதுவது அவற்றுள் ஒன்று. ‘தூண்டில்’ என்னும் கேள்வி பதில் பகுதி மற்றொன்று. இவை வாசகன் கதவைத் தட்டும்போது எந்நாளும் திறந்திருக்கும் அறைகள் போன்றவை. ஆசிரியருக்கும் இவற்றால் ஒரு வசதி உண்டு: ஒவ்வோர் இதழையும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இதிலிருந்து உங்கள் வேலைக்கு ஒரு வழியைப் பெறலாம். அளவைச் சிறிதாக வையுங்கள். வடிவத்தில் ஒரு பகுதியையாவது நிலையாக வையுங்கள். கைவசம் இரண்டு ஆக்கங்கள் முடிந்திருந்தாலன்றி முதலாவதை வெளியிடாதீர்கள். குறும்படம் எடுப்பவர் ஆனாலும், ஓவியம் வரைபவர் ஆனாலும், காய்ச்சல் வரும் மாதமும் பரீட்சை வரும் மாதமும் நிச்சயம் வரும். அம்மாதத்தைக் கடப்பதற்கு ஊக்கத்தை விடக் கையிருப்பே உதவும்.

தொடர்வதா, நிறுத்துவதா?

எல்லாவற்றையும் எந்நாளும் தொடர வேண்டும் என்று சொல்வது நேர்மையாகாது. மறுமலர்ச்சி ஈராண்டளவில் நின்றது. எனினும் ஈழத்து எழுத்தாளரின் ஒரு தலைமுறையையே மறுமலர்ச்சிக் குழுவினர் என்று இன்றும் அழைக்கிறோம். நின்றவை எல்லாம் தோற்றவை அல்ல. ஆயின் மெலிந்த ஆண்டுகளில் இருப்பவர், தாம் வளரும் வடலியைக் காக்கிறாரா, பட்ட மரத்துக்கு நீர் ஊற்றுகிறாரா என்பதை எவ்வாறு அறிவது?

விற்பனைத் தொகை இதற்குச் சரியான அளவுகோலன்று. முதல் ஆண்டுகளில் அது எல்லோருக்கும் சிறிதே. மூன்று கேள்விகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முன்பின் அறியாத ஒருவர், நீங்கள் கேளாமலே, தம் எழுத்தையோ கருத்தையோ அனுப்பினாரா? சென்ற முறை பெற்றவர் அடுத்தது எப்போது என்று தாமாகக் கேட்டாரா? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உங்கள் கடன் ஏறுகிறதா, நிற்கிறதா? முதலிரண்டுக்கும் ஆம் என்றும், கடன் நிற்கிறது என்றும் விடை வந்தால் தொகையைப் பாராது தொடருங்கள். முதலிரண்டுக்கும் ஆம் என்று வந்து, கடன் மட்டும் ஏறினால் அளவைச் சுருக்குங்கள், நிறுத்த வேண்டாம். மூன்றுமே ஓராண்டாகப் பாதகமாயின், அதை முறையாக முடித்து வேறொன்றைத் தொடங்குவதில் இழுக்கில்லை.

முடித்தாலும் தொடர்ந்தாலும் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வெளியிட்ட ஒவ்வொன்றிலும் ஒரு படியை எடுத்து வையுங்கள். இன்னொன்றைப் பொது நூலகம் ஒன்றுக்குக் கொடுங்கள். இடம்பெயர்வில் வீட்டோடு ஏடும் எழுத்தும் இழந்த ஊர் இது. இதன் அருமையை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மல்லிகையின் பழைய இதழ்கள் பல இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. எவரோ ஒருவர் ஒரு படியைப் பேணி வைத்ததன் பயன் அது.

ஜீவா 2021 ஜனவரியில், தமது தொண்ணூற்று நான்காவது வயதில் காலமானார். அந்த இதழ்களில் தொடக்க காலத்து ஒன்றையும் இருபது ஆண்டு பிந்திய ஒன்றையும் எடுத்து, வீட்டிற் பெரியவர்களோடு பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கு அத்தாளோடு வாருங்கள். அங்கிருந்து நம் பேச்சைத் தொடர்வோம்.