சாய்ந்த படத்தில் தப்பிய அரைச்சுற்று

ராத்திரி எட்டரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மெத்தையில் கிடந்த பயிற்சித்தாளைப் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறாள். ஒரு மூலையில் அவள் கட்டைவிரல், நடுவில் செல்போனின் நிழல். கீழே ஒரு வரி: "மாமா, சரியான்னு பாருங்க." தாளில் எட்டு உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிரப்ப இரண்டு கட்டங்கள்: சமச்சீர்க் கோடுகள் எத்தனை, சுழல் சமச்சீர் வரிசை எத்தனை.

முதல் தகராறு இணைகரத்தில். கோடுகள் 2, வரிசை 2 என்று எழுதி, இரண்டு மூலைவிட்டங்களையும் அழுத்தமாகப் போட்டிருந்தாள். போன் செய்து கேட்டேன். "ரெண்டு பக்கமும் சமமாத்தானே மாமா வெட்டுது?" என்றாள்.

வெட்டுகிறது, உண்மைதான். ஆனால் சம துண்டுகளாக வெட்டும் கோடெல்லாம் சமச்சீர்க் கோடு ஆகிவிடாது. அந்தக் கோட்டில் மடித்தால் ஒரு பாதி மறு பாதியின் மேல் பிசகாமல் உட்கார வேண்டும். "ஒரு ஏ4 தாளை மூலைக்கு மூலை மடிச்சுப் பாரு" என்றேன். 297 மி.மீ. நீளம், 210 மி.மீ. அகலம் உள்ள அந்தத் தாளை மூலைவிட்டத்தில் மடித்தால், ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டிய இரண்டு மூலைகளும் சுமார் 12 செ.மீ. விலகி நிற்கும். அது மூலைவிட்டத்தின் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. செவ்வகமே மூலைவிட்டத்தில் மடிய மறுக்கிறது. அடுத்தடுத்த பக்கங்கள் சமமில்லாமல் சாய்ந்து நிற்கும் இணைகரத்தை எந்தக் கோட்டில் மடித்தாலும் இதே கதிதான். அதற்குச் சமச்சீர்க் கோடு 0.

வரிசை 2 என்று எழுதியதோ சரி. உருவத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, மையத்தில் குண்டூசி குத்தி, மேல்தாளை ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். எத்தனை தடவை கீழே உள்ள உருவத்தோடு பொருந்துகிறதோ அதுதான் வரிசை. இணைகரம் அரைச்சுற்றில் ஒரு தடவையும் முழுச்சுற்றில் ஒரு தடவையும் பொருந்தும். முழுச்சுற்றில் எந்தக் கிறுக்கலும் தன்மேல் பொருந்தத்தானே செய்யும்? அதனால் வரிசை 1 என்றால் சுழல் சமச்சீரே இல்லை என்று பொருள். 0 என்று ஒரு விடை கிடையாது.

அடுத்தது ஒழுங்கு அறுங்கோணம். கோடுகள் 3, வரிசை 6 என்று எழுதியிருந்தாள். இதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல எனக்குப் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, அந்த இரண்டு எண்களே போதும். சமச்சீர்க் கோடு ஒன்றாவது இருக்கிற உருவத்தில், கோடுகளின் எண்ணிக்கையும் வரிசையும் சமமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் கோடு 0. நடுவில் ஒரு விடை கிடையாது. (வட்டம் மட்டும் விலக்கு, அதில் இரண்டுமே எண்ணில் அடங்காதவை.) லியோனார்டோ டாவின்சி தேவாலய வரைபடங்களோடு மல்லுக்கட்டியபோதே இதைக் கண்டுகொண்டார் என்று கணித அறிஞர் ஹெர்மன் வெய்ல் 1952இல் வந்த தன் நூலில் சொல்கிறார்.

ஏன் அப்படி? ஒரு கண்ணாடியில் பார்த்தால் இடம் வலமாகும். அந்தப் பிம்பத்தை இன்னொரு கண்ணாடியில் பார்த்தால், மாறிய இடம் வலம் மறுபடி நேராகிவிடும். ஆனால் உருவம் மட்டும் திரும்பியிருக்கும். எவ்வளவு என்றால், கண்ணாடிகளுக்கு இடையே உள்ள கோணத்தைப் போல இரண்டு மடங்கு. ஆக, 30 டிகிரி இடைவெளியில் இரண்டு சமச்சீர்க் கோடுகள் இருந்தால், 60 டிகிரிச் சுழற்சி கேட்காமலே வந்துவிடும். மறுபுறம், இருக்கிற ஒரு கோட்டைச் சுழற்சிகள் சும்மா விடாது, ஒவ்வொரு சுழற்சியும் அதிலிருந்து ஒரு புதுக் கோட்டைப் பிறப்பிக்கும். வரிசை 6 என்றால் கோடும் 6 ஆகாமல் நிற்காது. அக்கா மகள் எதிர் முனைகளைச் சேர்க்கும் மூன்றோடு நின்றுவிட்டாள். எதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் மூன்றை எண்ணவில்லை. அறுங்கோணத்தில் எளிதாக விழக்கூடிய குழி இது.

இவ்வளவு பேசிய நான் விழுந்த குழி நான்காவது உருவம். கோடுகள் 4, வரிசை 4 என்று எழுதியிருந்தாள். படத்தில் பார்த்தால் தெளிவாக ஓர் இணைகரம். "இதுவும் இணைகரம்தான், 0, 2ன்னு மாத்து" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மாமா, அது சதுரம்" என்றாள்.

மறுபடி பார்த்தேன். தாளின் கீழ் ஓரம் நீளமாகவும் மேல் ஓரம் குட்டையாகவும் இருந்தது. முதலிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். கேமராவிலிருந்து ஓர் ஓரம் 30 செ.மீ., எதிர் ஓரம் 36 செ.மீ. தள்ளியிருந்தால், படத்தில் தூரத்து ஓரம் ஆறில் ஐந்து பங்காகச் சுருங்கும். முழுத்தாளில் இது பளிச்சென்று தெரியும். ஆனால் 3 செ.மீ. சதுரம் ஒன்றுக்குள் தூர வித்தியாசம் சொற்பம். எதிர்ப் பக்கங்கள் ஏறக்குறைய இணையாகவே நிற்கும், மூலைகள் மட்டும் செங்கோணத்திலிருந்து நழுவும். ஆகவே குட்டிச் சதுரம் அசல் இணைகரம் போலவே ஆள்மாறாட்டம் செய்யும்.

இந்த நசுங்கலில் எது சாகிறது, எது பிழைக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சதுரத்தைப் பக்கத்தின் வாக்கில் நசுக்கினால் செவ்வகம், மூலைவிட்டத்தின் வாக்கில் நசுக்கினால் சாய்சதுரம். இரண்டிலும் கோடுகள் 2. வேறு எந்த வாக்கில் நசுக்கினாலும் இணைகரம், கோடு 0. மூன்றிலும் வரிசை மட்டும் 2. அறுங்கோணத்தை நசுக்கினாலும் 2தான். சமபக்க முக்கோணமோ வரிசை 3ஐ இழந்து நேரே 1க்கு இறங்கிவிடும். நான்கிலும் ஆறிலும் அரைச்சுற்று உண்டு, மூன்றில் கிடையாது, வித்தியாசம் அவ்வளவுதான். அரைச்சுற்றில் பொருந்தும் உருவத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் மையத்துக்கு மறுபுறம் அதே தூரத்தில் ஒரு ஜோடி இருக்கும். நசுங்கும்போது நேர்கோடு நேர்கோடாகவும் நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவும் நீடிப்பதால், ஜோடிகள் பிரிவதில்லை. மடிப்புக்கோ செங்கோணம் வேண்டும்; நசுங்கலில் முதலில் பறிபோவது அதுதான்.

"ஸ்டூல் மேல ஏறி, நேரா மேலேர்ந்து எடுத்து அனுப்பு" என்றேன். செல்போனிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. தாளின் நான்கு மூலைகளையும் பிடித்து நிமிர்த்திவிடும். ஆனால் இந்தத் தாள் மெத்தைக்கேற்ப வளைந்து கிடந்தது. வளைந்த தாளை நான்கு மூலைகளை மட்டும் வைத்து நேராக்க முடியாது. தரையில் விரித்து வைத்து எடுத்த இரண்டாவது படத்தில் நான்காவது உருவம் சமர்த்தாகச் சதுரமாக நின்றது.

கூடவே ஒரு குரல் பதிவும் வந்தது. "அப்ப அந்த இணைகரமும் முதல் படத்துல சாஞ்சதாலதான் அப்படித் தெரிஞ்சுதா மாமா?"

நியாயமான சந்தேகம். சாய்ந்த படம் சதுரத்தை இணைகரமாக்குகிற மாதிரி, இணைகரத்தைச் சதுரமாகவும் காட்டக்கூடும். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிரெதிர் பக்கங்களில் சின்னக் குறிகள்: ஒரு ஜோடிக்கு ஒற்றைக் கோடு, மற்ற ஜோடிக்கு இரட்டைக் கோடு. பக்கத்துச் சதுரத்தின் மூலையில் இருந்த செங்கோணக் குறி இதில் இல்லை. நேரே மேலிருந்து பார்த்தும் அது சாய்ந்தே நின்றது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அவள் அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்த தடம் மட்டும் தெரிந்தது.