நடு ஓட்டைதான் தூரம் பாய்ச்சும்

தரையில் 1 மீட்டர் உயரத் தொட்டி, விளிம்புவரை தண்ணீர். பக்கச் சுவரில் மேல்மட்டத்திலிருந்து 20, 50, 80 செ.மீ. ஆழத்தில் மூன்று ஓட்டைகள். எந்தத் தாரை அதிக தூரம் போகும்?

நீர்மட்டத்திலிருந்து ஓட்டைவரை விழும் கல் பெறும் வேகத்திலேயே தண்ணீர் வெளியேறும் என்று இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் எழுதினார். அடி ஓட்டையில் அது வினாடிக்குச் சுமார் 4 மீட்டர். மேல் ஓட்டையில் 2 மீட்டர்தான். ஆனால் அடித்தாரை 0.2 வினாடியில் தரையைத் தொட்டுவிடும், மேல்தாரைக்கு 0.4 வினாடி கிடைக்கும். இரண்டும் 80 செ.மீ. தள்ளி ஒரே இடத்தில் விழும். வேகமும் நேரமும் சமமாக அமையும் நடுத்தாரையோ 1 மீட்டர் எட்டும்.

உராய்வால் உண்மையில் தூரம் சற்றுக் குறையும். அடித்தாரையே முந்துவதாக வரையப்படும் படம், தொட்டியை உயரத்தில் தூக்கி வைத்தால்தான் சரி.