தொப்புளைச் சுற்றி நீலத் திட்டுகள்

இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். மாத்திரைகளோடு ஒரு பெட்டி நிறைய ஊசியும் வந்திருக்கிறது. மருந்தின் பெயர் எனாக்சாபாரின், குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஹெப்பாரின் வகை. ஒவ்வொரு சிரிஞ்சிலும் 0.4 மில்லியில் 40 மில்லிகிராம் மருந்து ஏற்கெனவே அடைத்திருக்கும். தினம் ஒன்று, மொத்தம் ஐந்து வாரம். போடுவது மகள். நான்காம் நாள் அம்மாவின் வயிற்றைப் பார்த்தால் தொப்புளின் இரு பக்கமும் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. "போதும்டி, நிறுத்திடலாம்" என்கிறார் அம்மா.

நிறுத்தக் கூடாது. இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் நீடிக்கும். அந்த உறைகட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் சட்டென்று உறையாமல் இருப்பதற்குத்தான் இந்த ஊசி. அதனால் ஊசி முனையில் கிழிபடும் நுண்ணிய குழாயிலிருந்தும் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்து, தோலுக்கடியில் தேங்குகிறது. ஓரளவு கன்றுவது இயல்பு. ஆனால் ஊசி போடும் விதத்தை மாற்றினால் அது கணிசமாகக் குறையும்.

மகள் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். உறையைக் கழற்றியதும் சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழியைப் பார்க்கிறார். சினிமாவில் நர்ஸ் செய்வதுபோல ஊசியை மேலே தூக்கி அதைத் தள்ளிவிடுகிறார். குமிழியோடு ஒரு சொட்டு மருந்தும் வெளியேறி ஊசி முனையில் நிற்கிறது. அது போகும் வழியெல்லாம் தோலில் பட, அங்கெல்லாம் கன்றுகிறது. அளவும் குறைகிறது. சிரிஞ்சு முழுவதும் போட வேண்டியவர்கள் அந்தக் குமிழியைத் தொடவே கூடாது. கடைசித் துளி மருந்தையும் உள்ளே தள்ளத்தான் அது இருக்கிறது. பாதி அளவு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. எப்படிக் குறைப்பது என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பிழை, பஞ்சால் அழுத்தித் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்கக் கசிவு பரவும். லேசாக ஒற்றி வைத்தால் போதும்.

சரியான முறை இது. அம்மா சாய்ந்தோ படுத்தோ இருக்க, தொப்புளிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். தழும்பும் ஏற்கெனவே கன்றிய இடமும் வேண்டாம். இன்று வலம் என்றால் நாளை இடம். ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுவதும் இறக்க வேண்டும். ரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டாம். மெதுவாக, பத்து எண்ணும் நேரத்துக்குக் குறையாமல் மருந்தைச் செலுத்தி, ஊசியை நேராக எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். பாதியில் மடிப்பை விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது.

நேரமும் முக்கியம். இரவு எட்டு மணி என்றால் தினமும் எட்டு மணி. மறந்துபோய்ப் பதினொன்றுக்கு நினைவு வந்தால் அப்போதே போடலாம். மறுநாள் மாலைதான் நினைவு வந்ததென்றால் அன்றைய ஒரு ஊசி மட்டும். விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கியிருந்தார் அம்மா. ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். கன்றலுக்கு ஊசி மட்டும் காரணமல்ல! வலிக்கு எது சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் அதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அப்படியே, ஏனெனில் மருந்து உடலில் தங்கிவிடும்.

நாணயமளவு நீலத் திட்டு பச்சையாகி, மஞ்சளாகி ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைக்கலாம். வட்டத்தைத் தாண்டிப் பரவினாலோ, கெட்டியான கட்டியாக வீங்கினாலோ, ஊசி போட்ட இடம் கறுத்துப் புண்ணானாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலம் கரியாகப் போவது, சிறுநீரில் ரத்தம், அறுவைக் காயத்திலிருந்து நிற்காத கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றுக்கும் அதேதான். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ என்றால் 108. ஊன்றுகோலோடு நடக்கும்போது தவறி விழுந்து தலையில் அடிபட்டால், அம்மா "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட வேண்டும்.