ஒரு குத்துக்கு 714 எண்கள்

கையில் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு போர்டு, கை குத்தியதா அல்லது முழங்கை மடங்கியதா என்று தானாகவே கண்டுசொல்ல வேண்டும். இணையமோ கணினியோ துணைக்கு வராது. ஆர்டுயினோவின் ‘நானோ 33 பிஎல்இ சென்ஸ்’ போர்டில் பலர் முதலில் செய்துபார்க்கும் பயிற்சி இது. அதிலுள்ள மைக்ரோகன்ட்ரோலருக்கு 1 எம்.பி. ஃபிளாஷ், 256 கே.பி. ரேம். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் இதில் அடங்காது.

போர்டிலுள்ள சென்சார் மூன்று திசைகளில் முடுக்கத்தையும், மூன்று அச்சுகளில் சுழலும் வேகத்தையும் அளக்கிறது. எப்போது பதிவைத் தொடங்குவது? மூன்று முடுக்க அளவுகளையும் குறி பார்க்காமல் கூட்டி, 2.5 ஜி-யைத் தாண்டினால் தொடங்கு என்பது விதி. 119 முறை அளந்ததும் பதிவு நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு வினாடி. இந்த விதியால் எல்லாக் குத்துகளும் அசைவின் ஒரே கட்டத்தில் தொடங்குகின்றன. இங்கே பயன்படும் எளிய நியூரல் நெட்வொர்க்குக்கு அது அவசியம். அசைவு கொஞ்சம் தள்ளித் தொடங்கினாலும் அதற்கு வேறு அசைவுபோலத் தெரியும்.

119 முறை, ஒவ்வொரு முறையும் ஆறு அளவுகள்: ஒரு குத்துக்கு 714 எண்கள். அவை முதல் அடுக்கின் 50 நியூரான்களுக்கும் போகின்றன. அங்கே மட்டும் 35,750 எண்களை மாடல் நினைவில் வைக்க வேண்டும். அடுத்த அடுக்கில் 15 நியூரான், கடைசியில் 2. எல்லாம் சேர்ந்தால் 36,547. ஒவ்வொன்றும் நான்கு பைட் என்றால் சுமார் 146 கே.பி.; ஒரு பைட்டாகச் சுருக்கினால் 36 கே.பி. ஆகிறது, துல்லியம் கொஞ்சம் குறையலாம்.

மாடலின் பருமனில் கிட்டத்தட்ட முழுவதும் முதல் அடுக்கில்தான் இருக்கிறது. அதாவது, எத்தனை முறை அளப்பது என்று தரவு சேகரிக்கும்போதே எடுத்த முடிவில். கையசைவுக்கு வினாடிக்கு 30 அளவுகள் பெரும்பாலும் போதும் என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் 714 என்பது 180 ஆகும். மாடலும் ஏறக்குறைய கால்பங்காகிவிடும்.

இடம் மிச்சமானாலும் தரவின் குறை தீராது. ஒருவரே பத்துப் பதினைந்து குத்துகளைப் பதிந்து, அதிலேயே சிலவற்றை எடுத்துச் சோதித்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும். போர்டைத் தலைகீழாகப் பிடித்துக் குத்திப் பாருங்கள், குட்டு வெளிப்படும். புவியீர்ப்பும் முடுக்க அளவில் கலந்திருப்பதால் எண்களின் குறியே மாறிவிடுகிறது. எனவே பிடிக்கும் விதத்தை மாற்றி மாற்றி, வேறு ஆட்களையும் வைத்துப் பதிய வேண்டும். பயிற்சியில் சேராத ஒருவரின் கையை வைத்துத்தான் சோதிக்கவும் வேண்டும்.

இன்னொன்று, போர்டைச் சும்மா உலுக்கினாலும் அது ‘குத்து’ என்றோ ‘மடக்கு’ என்றோதான் சொல்லும். அதற்குத் தெரிந்த விடைகள் அவ்வளவுதான். ‘இரண்டும் இல்லை’ என்று மூன்றாவது விடையைச் சேர்க்க மாடலில் கூடுவது வெறும் 16 எண்கள். ஆனால் அந்த விடைக்காக உலுக்கல், கைவீச்சு, படியிறங்குதல், போர்டை மேசையில் வைப்பது என்று பலவற்றையும் தனித்தனியே பதிந்தாக வேண்டும்.