வியூகத்துக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பக்கம்

வணிக வியூகம் பெரும்பாலும் ‘வாடிக்கையாளருக்குச் சிறந்த சேவை’, ‘புதிய சந்தைகளில் வளர்ச்சி’ என்ற அளவில்தான் எழுதப்படுகிறது. எந்த மென்பொருளை வாங்குவது, எதை மூடுவது, எந்தத் தகவலை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வேண்டிய எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்டுக்கு இந்த வரிகளிலிருந்து எதுவும் கிடைக்காது. ஆகவே அவர் ஒவ்வொரு துறையும் கேட்பதைச் செய்து கொடுக்கிறார். பத்து ஆண்டுகளில் ஒரே வாடிக்கையாளரின் முகவரி ஐந்து இடங்களில் ஐந்து விதமாகக் கிடக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் இலக்கு இயக்க மாதிரி, அதாவது டார்கெட் ஆபரேட்டிங் மாடல். இன்னும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் நிறுவனத்தில் வேலை எப்படி நடக்க வேண்டும், எதற்கு யார் பொறுப்பு, எந்தத் தகவல் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. எம்ஐடி ஆய்வு மையத்தின் ஜீன் ராஸ், பீட்டர் வெய்ல் ஆகியோரும் டேவிட் ராபர்ட்சனும் 2006-இல் வெளியிட்ட நூலில் இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார்கள். நிறுவனத்தின் பிரிவுகள் ஒரே தகவலை எந்த அளவுக்குப் பகிர்ந்துகொள்ள வேண்டும்? அவை ஒரே நடைமுறையை எந்த அளவுக்குப் பின்பற்ற வேண்டும்?

தொடர்பில்லாத தொழில்களை நடத்தும் குழுமத்துக்கு இரண்டுமே குறைவாக இருந்தால் போதும். எல்லாக் கிளைகளிலும் ஒரே மாதிரி சமைக்கும் உணவகச் சங்கிலிக்கு நடைமுறை ஒன்றாக வேண்டும். ஒரு கிளையின் வாடிக்கையாளரை மற்றொரு கிளை அறிய வேண்டியதில்லை. விமான நிறுவனத்துக்கோ இரண்டும் முழுமையாக வேண்டும். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகக் குழு. பதிலைக் கணினித் துறையிடம் விட்டுவிட்டால், அது தொழில்நுட்பத் துறையின் விருப்பமாகவே பார்க்கப்படும். பிற துறைகள் அதற்குக் கட்டுப்படா.

அந்த நூல் விவரிக்கும் டெல்டா ஏர்லைன்ஸ் நல்ல சான்று. 1990-களின் பிற்பகுதியில் டெல்டாவின் ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு கணினி அமைப்பை வைத்திருந்தது. ஒரு விமானத்தைப் பற்றி ஒரு பயணி இரு ஊழியர்களிடம் கேட்டால் இரு பதில்கள் வரலாம். நிர்வாகம் தன் இலக்கை ஒரே பக்கத்தில் வரைந்தது. நடுவில் பயணி, விமானம், அட்டவணை, பயணச்சீட்டு, ஊழியர் போன்ற ஒன்பது மையத் தரவுத்தளங்கள். அவற்றைச் சுற்றி பயணியின் அனுபவம், விமான இயக்கம் உள்ளிட்ட நான்கு அடிப்படை நடைமுறைகள். இரண்டையும் இணைக்கும் அடுக்குக்கு ‘டெல்டா நரம்பு மண்டலம்’ என்று பெயர்.

அந்தப் படத்தின் பலனை ஒரு வாயில் மாற்றத்தில் காணலாம். விமானம் புறப்படும் வாயில் மாறியதும் அந்த நிகழ்வு ஒரே இடத்தில் பதிவாகிறது. அங்கிருந்து அறிவிப்புப் பலகை, பயணப்பை ஏற்றுபவர், வாயில் ஊழியர் என அது தேவைப்படும் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. ‘சிறந்த சேவை’ என்ற வியூக வரி இங்கேதான் செயலாகிறது.

எல்லாத் தரவுத்தளங்களையும் ஒரே ஆண்டில் கட்ட முடியாது. வியூகம் முதலில் எதைக் கேட்கிறதோ அதற்கு வேண்டிய தகவலும் நடைமுறையும் முதல் ஆண்டுக்கு உரியவை. மற்றவை அவற்றின் மேல் எழ வேண்டும். அதுவரை பழைய அமைப்பும் புதியதும் சேர்ந்தே ஓடும். அந்தக் காலத்தில் எந்தப் பதிவு செல்லும் என்பதை எழுதி வைக்காவிட்டால் குழப்பம் முன்பைவிட அதிகமாகும். புதிய திட்டம் ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தின் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று, பணம் ஒதுக்கும் முன்பே கேட்க வேண்டும். எந்தக் கட்டத்தையும் தொடாத திட்டத்துக்கு விதிவிலக்கு கொடுக்கலாம், ஆனால் அதற்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும்.

மாதிரி பிசகுவதை அறிய எளிய அடையாளங்கள் உண்டு. துறைகள் மையத் தகவலை எக்செல் கோப்பில் நகலெடுத்துத் திருத்தத் தொடங்கும். விதிவிலக்குகள் முடிவில்லாமல் நீட்டிக்கப்படும். ஒரு தரவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் பெயரும் வராது.

நல்ல கட்டமைப்பு சந்தையின் அடிகளிலிருந்து காப்பாற்றிவிடாது. டெல்டா 2005 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. ஒருங்கிணைப்புக்கும் விலை உண்டு. எல்லோரும் ஒரே மையத்தைச் சார்ந்திருந்தால் அதன் கோளாறு எல்லோரையும் நிறுத்தும். 2016 ஆகஸ்ட் 8-இல் அட்லாண்டா தரவு மையத்தில் மின்சாரம் போனபோது, சில நாட்களில் டெல்டாவின் 2,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. எனவே தகவலை எங்கே ஒன்றாக்குவது என்று எழுதும் அதே பக்கத்தில், மையம் நின்றால் ஒவ்வொரு பிரிவும் எத்தனை மணி நேரம் எதை வைத்து வேலை செய்யும் என்பதும் எழுதப்பட வேண்டும்.